ஐந்து மணி முதல் ஆறு மணி வரை

ஒப்பந்தம் எழுதுவதுதான் என் தொழில். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பதினாறு வருடமாகக் குமாஸ்தா. வாடகை ஒப்பந்தம், விற்பனை ஒப்பந்தம் எதுவானாலும் வக்கீல் பார்ப்பதற்கு முன்னால் என் கை பட்டுத்தான் போகும். அதனால் வீட்டில் பிள்ளைகளின் கைப்பேசி நேரத்துக்கு ஓர் ஒப்பந்தம் போடலாம் என்று தோன்றியபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது. என்னைவிடத் தகுதியான ஆள் எங்கள் ஊர் கிள்ளானில் யார் இருக்கிறார்கள்?

காரணம் என் மகள். தமிழ்ப்பள்ளியில் படித்த ஆறு வருடமும் அவள் வாய் மூடியதே இல்லை. நான் வேலை முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள். யார் யாரோடு சண்டை, சிற்றுண்டிச்சாலையில் நூடல்ஸ் எப்படி இருந்தது, ஆசிரியை எந்தப் புடவையில் வந்தார் என்று எல்லாம் வரும். "கொஞ்சம் மூச்சு விடு தாயே" என்று நானே கெஞ்சியிருக்கிறேன். இந்த வருடம் இடைநிலைப்பள்ளிக்குப் போனாள், அங்கே முதல் வகுப்பான படிவம் ஒன்று. இரண்டே மாதத்தில் அந்தப் பேச்சு நின்றுபோனது. கேட்டால் "ஒன்னும் இல்லமா". கையில் எந்நேரமும் போன். எனக்கு அந்தப் பேச்சு திரும்ப வேண்டும். அதைப் போன்தான் விழுங்கிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். முடிவு கட்டுவதில் நான் கெட்டிக்காரி.

முதலில் என் வழக்கப்படி கத்தினேன். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் போனைப் பிடுங்கி அலமாரியில் பூட்டினேன். மூன்று நாள் அவள் என் முகத்தையே பார்க்கவில்லை. துறைமுகத்தில் காலை ஷிப்டு பார்க்கும் என் கணவர், "இப்படிப் பிடுங்கினா ஆவாது. உக்காந்து பேசி முடிவு பண்ணு லா" என்றார். அவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்து வைத்துக்கொண்டு நான்கு பேரும் உட்கார்ந்தோம். பத்து வயது மகன் உற்சாகமாக இருந்தான். அவனுக்குப் பேரம் பேசப் பிடிக்கும்.

"மா, டாய்லெட்ல டேப்லெட் பாத்தா அது கணக்குல வராதுதானே?"

"வரும்."

"வயிறு வலிச்சா?"

"வயிறு வலிச்சா கிளினிக் போலாம்."

பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்து சாப்பிட்டு ஓய்வெடுத்தபின் மூன்றரை முதல் ஐந்து வரை வீட்டுப்பாடம். ஐந்திலிருந்து ஆறு வரை போன், டேப்லெட். ஆறிலிருந்து ஏழு வரை திடலில் விளையாட்டு. எட்டிலிருந்து ஒன்பது வரை குடும்ப நேரம்: அந்த ஒரு மணி நேரம் எங்கள் இருவர் போனும் உட்பட எல்லாம் பிரிட்ஜ் மேல் போய்விடும். ஒன்பதிலிருந்து முக்கால் மணி நேரம் மறுநாள் பாடத்தைப் புரட்டிவிட்டுத் தூக்கம். பள்ளிக்கூட வேலைக்குப் போன் தேவைப்பட்டால் அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து செய்யலாம். சனி, ஞாயிறில் அரை மணி நேரம் அதிகம். விதியை மீறினால் மறுநாள் பதினைந்து நிமிடம் குறையும், எனக்கும் அதே தண்டனை. இந்தக் கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னது மகன். சேர்த்தபின் என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

மகள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"மா, போன் டைம் ராத்திரி வெச்சிக்கலாமா?"

"ராத்திரி ஸ்கிரீன் பாத்தா தூக்கம் கெடும்மா. சாயங்காலம்தான் நல்லது."

"ஓகே மா."

மணிலா அட்டையில் எழுதி நான்கு பேரும் கையெழுத்துப் போட்டு பிரிட்ஜ் கதவில் ஒட்டினோம். என் போனிலிருந்து அவர்கள் கருவிகளைக் கட்டுப்படுத்தும் செயலியையும் போட்டேன். ஐந்துக்குத் தானாகத் திறக்கும், ஆறுக்குத் தானாகப் பூட்டிக்கொள்ளும். அப்பா, அம்மாவைக் கூப்பிட மட்டும் எந்நேரமும் முடியும். எதை எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்று வாரம் ஒரு முறை அறிக்கை வேறு வரும்.

முதல் வாரம் மகனுக்குத்தான் திண்டாட்டம். ஆறு அடித்ததும் டேப்லெட் பூட்டிக்கொள்ள, ஆட்டத்தின் நடுவில் தன் வீரன் செத்துப்போனதாக என் அலுவலகத்துக்கே போன் செய்து ஒப்பாரி வைத்தான். எனக்கும் ஒரு தடவை தண்டனை கிடைத்தது. குடும்ப நேரத்தில் தங்கச்சி அனுப்பிய புடவைப் படத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்து மாட்டிக்கொண்டேன். ஆனால் மகள் ஒரு விதியைக்கூட மீறவில்லை. அறிக்கையைக் கொமுட்டர் ரயிலில் உட்கார்ந்து படிப்பேன். முதல் வாரம் அவள் ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம் பார்த்திருந்தாள். இரண்டாவது வாரம் இருபது. நான்காவது வாரம் வெறும் ஒன்பது நிமிடம்.

ஒரு மணி நேரம் கொடுத்தும் ஒன்பது நிமிடம். அலுவலகத்தில் அந்த அறிக்கையைக் காட்டாத ஆள் இல்லை. பக்கத்து மேசை அக்கா, "எப்படி செஞ்ச? என் மவனுக்கும் எழுதிக் குடு" என்றார். நானும் எழுதிக் கொடுத்தேன். பேச்சு மட்டும் திரும்பவில்லை. குடும்ப நேரத்தில் கேரம் ஆடினோம், அவள் காயை அடித்துவிட்டு அமைதியாக இருந்தாள். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஒரு புதன்கிழமை பல் வலி. அரைநாள் விடுப்பு எடுத்துப் பல்லைக் காட்டிவிட்டு ஐந்தேகாலுக்கு வீட்டுக்கு வந்தேன். கணவர் மகனோடு சைக்கிள் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். மகள் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். போன் பக்கத்தில் குப்புறக் கிடந்தது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கே. பாக்கலையா?"

"பாத்துட்டேன் மா. முடிஞ்சிருச்சு."

"என்ன முடிஞ்சிருச்சு?"

தலையணையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு சொன்னாள். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடமும் பக்கத்திலேயே உட்கார்ந்த சிநேகிதி ஒருத்தி உண்டு. எனக்கும் தெரியும், பிறந்தநாளுக்கு வந்து பாயசத்தை இரண்டு தடவை வாங்கிக் குடித்த பெண். போன வருடக் கடைசியில் அவள் குடும்பம் ஸ்ரீ கெம்பாங்கான் என்ற ஊருக்குக் குடிபோய்விட்டது. அங்கே அவளுக்கு மத்தியானப் பள்ளி. என் மகளுக்குக் காலைப் பள்ளி.

"அவ பெத்தாங் செஷன் மா. வீட்டுக்கு வரவே ஏழு ஏழேகால் ஆயிரும். நான் அஞ்சு மணிக்குத் தொறக்கிறப்ப அவ கிளாஸ்ல இருப்பா. அவளுக்கும் வீட்ல டைம் டேபிள். எட்டரையிலேருந்து ஒம்பது. அப்ப எனக்குப் பூட்டியிருக்கும்."

"அப்ப ரெண்டு பேரும் எப்படிப் பேசுறீங்க?"

"நான் இன்னிக்கு எழுதுவேன். அவ ராத்திரி பாத்துட்டு பதில் போடுவா. அத நான் நாளைக்கு அஞ்சு மணிக்குப் பாப்பேன்."

போனை எடுத்து நீட்டினாள். நான் கேட்கவில்லை, அவளே நீட்டினாள். அதில் முந்தைய இரவு சிநேகிதி எழுதியிருந்தாள்: புது வகுப்பில் இடைவேளைக்கு யாரும் கூப்பிடவில்லை, கழிவறையில் போய் நின்று அழுதேன். அதன் கீழே என் மகள் இப்போதுதான் எழுதிய பதில்: அழாதே, நான் இருக்கேன்.

"அவ அழுதது நேத்து மா. நான் அழாதேன்னு இன்னிக்குச் சொல்றேன். அவ அத ராத்திரிதான் பாப்பா," என்றாள் மகள்.

வெட்கமாக இருந்தது. அலுவலகத்தில், கையெழுத்துப் போட வருபவர்கள் ஒரு ஷரத்தைப் பற்றிக் கேட்டால் "ஏன் கேக்குறீங்க?" என்று விசாரிக்காமல் நான் அடுத்த பக்கத்துக்குப் போனதே இல்லை. என் மகள் ஒரே ஒரு ஷரத்தைத்தான் கேட்டாள். நான் தூக்கத்தைப் பற்றிப் பாடம் நடத்தினேன். ஒன்பது நிமிடத்தைப் பார்த்து ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டதை நினைத்து என்னையே திட்டிக்கொண்டேன்.

"ஏன்டி அன்னிக்கே சொல்லல?"

"நீங்க வேணான்னு சொல்லிட்டீங்க."

வேறு என்ன சொல்வாள்?

மறுநாள் ரயிலிலேயே சிநேகிதியின் அம்மாவுக்கு போன் போட்டேன். ஆறு வருடம் பள்ளி வாசலில் ஒன்றாக நின்றிருக்கிறோம், "சாப்பிட்டாச்சா" தவிர அதிகம் பேசியதில்லை. நான் விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, என் மவ போன அதிகம் தொடறதே இல்ல. திருந்திட்டான்னு என் மாமியார்கிட்ட சொல்லிச் சந்தோஷப்பட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். எட்டரைக்கு முன்னால் அங்கே முடியாது, பள்ளியிலிருந்து வந்து குளித்துச் சாப்பிட்டு வீட்டுப்பாடத்தில் பாதியாவது முடிக்க வேண்டும் என்றார். அப்படியானால் மாறவேண்டியது நாங்கள்தான்.

வியாழன் இரவு மேசையில் மறுபடி நான்கு பேர். இந்தத் தடவை நான் எழுதுகோலைத் தொடவில்லை, மகளிடம் கொடுத்தேன். குடும்ப நேரத்தை ஏழரைக்கு முன்னே தள்ளி எட்டரைக்கு முடிப்பது என்று ஆயிற்று. அதற்கு நான் வேலை முடிந்ததும் பூக்கடையில் நிற்காமல், வடைக்கு வரிசை பிடிக்காமல் நேராக ரயில் ஏறவேண்டும். சரி என்றேன். ஐந்து மணிக்கு அரை மணி நேரம், எட்டரைக்கு அரை மணி நேரம் என்று மகள் தன் ஒரு மணியைப் பிரித்துக்கொண்டாள். இரவு அரை மணியைக் கூடத்தில் உட்கார்ந்துதான் பேசுவேன், ஒன்பதுக்குப் பிறகு போனைக் கேட்கமாட்டேன் என்று அவளே எழுதினாள். அக்காவுக்கு மாற்றினால் தனக்கும் ஏதாவது மாற்றவேண்டும் என்று மகன் கொடி பிடித்தான். ஆறு மணிக்கு ஆட்டம் பாதியில் இருந்தால் ஐந்து நிமிடம் கூடுதல் என்று அவன் அப்பா வழக்கை முடித்துவைத்தார். செயலியில் நேரத்தை மாற்றினேன்.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கு மகள் சோபாவின் மூலையில் உட்கார்ந்து வீடியோ அழைப்பு போட்டாள். அந்தப் பெண்ணின் முகம் வந்தது. "ஹாய்" என்றாள் இவள். "ஹாய்" என்றாள் அவள். பிறகு எதற்கென்றே தெரியாமல் சிரிக்க ஆரம்பித்தார்கள். அடக்கிப் பார்த்தார்கள், முடியவில்லை. நான் சமையலறைக்குப் போய்விட்டேன். கழுவிய தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதுக்குப் போன் பூட்டிக்கொண்டது. அவள் அதைப் பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மா, இன்னிக்கு ரெஹாட் இடைவேளையில ஒரு பொண்ணு அவ பக்கத்துல வந்து உக்காந்தாளாம்."

"நல்லதாப் போச்சு. உன் பக்கத்துல யாரு உக்காருவா?"

இந்தக் கேள்வியை இத்தனை மாதத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டபிறகுதான் அது எனக்கே உறைத்தது.

"இன்னும் யாரும் இல்லமா," என்றாள். "லைப்ரரிக்குப் போயிருவேன். அங்க ஒரு டீச்சர் இருக்காங்க, அவங்க சத்தமா தும்முவாங்க மா, எல்லாரும் பயந்துருவாங்க..."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். அவளும் உட்கார்ந்தாள். அட்டவணைப்படி அது படிக்கும் நேரம். அவள் பத்து மணி வரை பேசினாள்.