சீசன் முடியட்டும்

போன வாரம் சிவகாசியில் ஒரு துட்டி வீட்டுக்குப் போயிருந்தேன். இறந்துபோன அம்மாவை நான் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவருக்கு எந்த முழங்காலில் வலி, சர்க்கரைக்கு எத்தனை மாத்திரை, எந்த டாக்டரைக் கண்டால் ஆகாது... எல்லாம் எனக்கு அத்துப்படி.

அவர் குமரேசனின் அம்மா.

யார் இந்தக் குமரேசன்? இத்தனை வருஷம் இந்தப் பக்கத்தில் என் பல் வலியிலிருந்து பக்கத்து வீட்டு நாய் வரை எழுதியிருக்கிறேன். இவரைப் பற்றி எழுதியதில்லை. ஏழு வருஷமாக என்னைக் காதலித்தவர். அந்த ஏழு வருஷமும் என்னைப் பற்றி ஒரு ஆளிடமும் மூச்சு விடாதவர்.

நான் சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸில் குப்பை கொட்டுகிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி நடத்துகிறவர். ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்புறம் ஃபைல் இல்லாமலும் வந்தார்.

"வீட்டில் எப்போது சொல்வீர்கள்?" என்று முதல் வருஷமே கேட்டுவிட்டேன். நான் ஆர்.சி. கிறிஸ்தவப் பெண். அவர் வீட்டில் வெள்ளி செவ்வாய் தவறாமல் விளக்கேற்றும் அம்மா.

"சீசன் முடியட்டும்மா. தீபாவளி லோடு ஏத்திட்டு நிம்மதியா உக்காந்து பேசுவோம்."

தீபாவளி முடிந்தது. "வடக்க பார்ட்டிகளப் பாத்துட்டு வந்துருறேன்." வந்தார். "லைசென்ஸ் புதுப்பிக்கணும்." புதுப்பித்தார். "அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் வருது, வீட்ல ஆளும் பேருமா இருக்கும்." பொங்கலும் போனது. "வெயில் காலம், இன்ஸ்பெக்‌ஷன் கெடுபிடி." வெயிலும் இறங்கியது. ஆடி பிறந்தால் மறுபடியும் சீசன்! நாடு முழுக்க காலண்டர் அடித்து அனுப்புகிற ஊரில் எனக்கு ஒரு தேதி கிடைக்கவில்லை.

சந்திப்பதெல்லாம் மதுரையில்தான். சிவகாசியில் ஒரு டீ குடித்ததில்லை. ஒருமுறை இருக்கன்குடி போயிருந்தோம். கோயில் வாசலில் அவருடைய கூட்டாளி ஒருவர் எதிரே வந்தார். "நீ அங்கன வளையக் கடையில நில்லு" என்று வாயைத் திறக்காமல் சொல்லிவிட்டு முன்னால் நடந்துவிட்டார். இருபது நிமிஷம் வளையல் பார்த்தேன். கடைக்கார அம்மா மூன்று ஜோடி போட்டுக் காட்டிவிட்டார்.

போட்டோ? அவர் எடுத்தால் நான் மட்டும் இருப்பேன். நான் எடுக்கப் போனால் அவருக்கு போன் வந்துவிடும். ஃபேஸ்புக்கில் தேடவில்லையா என்று கேட்பீர்கள். தேடினேன். அவர் பக்கத்தில் கம்பிமத்தாப்பு படம்தான் இருந்தது. தம்பி ரவியின் பக்கத்துக்குப் பூட்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தத் தம்பிக்குக் கல்யாணம் நடந்தது. "அம்மா சொந்தத்துல பொண்ணு பாத்தாக. சின்னதா முடிச்சிட்டோம், யாரையும் கூப்பிடல" என்றார்.

எல்லாவற்றுக்கும் நானே சமாதானம் கண்டுபிடித்துக்கொண்டேன். பாவம், அவர் என்ன செய்வார்? அந்த அம்மாதான் பிடிவாதக்காரி. அந்த அம்மாதான் சாமியாடுவாள். மனதுக்குள் அந்த அம்மாவை நான் திட்டாத நாள் இல்லை.

போன வாரம் காலையில் போன். அழுகை. "அம்மா போயிட்டாக." என்னவோ போலாகிவிட்டது எனக்கு. கிளம்பி வருகிறேன் என்றேன்.

"நீ வராத. கூட்டமா இருக்கும்... அப்புறம் பாப்போம்."

அடக்கத்துக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் மனசு கேட்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

தெருமுனையிலேயே கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அந்த அம்மா பச்சைச் சுங்குடிச் சேலையில் சிரித்துக்கொண்டிருந்தார். அது நான் எடுத்துக் கொடுத்த சேலை. யார் எடுத்தது என்று அம்மா கேட்டதற்கு, "கடைக்காரன் எடுத்துக் குடுத்தான்" என்று சொன்னதாகக் குமரேசனே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். நானும் சிரித்தேன், புத்தி கெட்டவள்!

படத்துக்குக் கீழே வழக்கம்போல உறவுப் பட்டியல். மகன்கள்: குமரேசன், ரவி. மருமகள்: பிரின்சி.

பிரின்சியா?

சொந்தத்தில் எடுத்த பெண்ணுக்கு எப்படி இந்தப் பெயர் வரும்? அச்சுப்பிழை என்றுகூட நினைத்துப் பார்த்தேன்.

உள்ளே பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயை நோக்கிப் போனேன். ஒரு வயதான அம்மா என் கையைப் பிடித்தார். "நீ யாரும்மா? எந்த வழியில சொந்தம்?"

துட்டி வீட்டில் எல்லோரையும் கேட்கிற கேள்விதான். நான் குமரேசனைப் பார்த்தேன். மொட்டை போட்டு, கண் வீங்கி உட்கார்ந்திருந்தார். ஏழு வருஷமாகக் காத்திருந்த கேள்வியை யாரோ ஒரு பெரியம்மா கேட்டேவிட்டார். சொல்லிவிடுவார் என்று நம்பினேன். சத்தியமாக நம்பினேன்.

சட்டென்று எழுந்தார். "கலெக்டர் ஆபீஸ் மேடம் பெரியம்மா. நம்ம லைசென்ஸ் விசயமாப் பழக்கம். ஏலே, மேடத்துக்கு ஒரு சேர் போடுங்க!"

அவ்வளவுதான். கை விலகியது. பாயில் இருந்தவர்கள் மரியாதையாக ஒதுங்கினார்கள். ஆண்கள் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அழுகிற உரிமை பாயில் இருப்பவர்களுக்கு. நாற்காலிக்காரர்கள் பத்து நிமிஷம் இருந்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

தண்ணீர் கொண்டுவந்த பெண்ணின் கழுத்தில் தாலியோடு ஒரு சிலுவை டாலர். அவள்தான் பிரின்சி. ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"அத்தை எப்படி உன்னை ஏத்துக்கிட்டாக?" என்று கேட்டேவிட்டேன்.

"இவரு என்னையக் கூட்டிட்டு வந்து நிப்பாட்டிட்டாருக்கா. அத்தை ஒரு வாரம் பேசல. எட்டாம் நாளு, 'சர்ச்சுல பூசைக்குப் போகணும்ல, வெள்ளன சாப்பிடு'ன்னு இட்லி வச்சாக." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெரிய அத்தானுக்குத்தான் ஒண்ணும் அமையல. 'எந்தப் பிள்ளைன்னாலும் சரி, கூட்டிட்டு வாடா'ன்னு கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாக. அத்தான் பிடியே குடுக்கல. உங்க பேரு என்னக்கா?"

அந்த வீட்டில் என் பெயரைக் கேட்ட முதல் ஆள். "ஜெசிந்தா" என்றேன். அவள் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

துட்டி வீட்டில் 'போயிட்டு வரேன்' என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். ஏழு வருஷத்தை முடிப்பதற்கு இதைவிட வசதியான வழக்கம் வேறு உண்டா? எழுந்து வந்துவிட்டேன்.

பஸ் திருத்தங்கல் தாண்டும்போது மெசேஜ். 'கோவிச்சுக்காத. துக்க வீடு. வருசம் திரும்பட்டும், வீட்ல கண்டிப்பாப் பேசிருறேன்.'

இனி வீட்டில் யாரிடம் பேசுவாராம்? நம்பரை பிளாக் செய்தேன்.

வீட்டில் நிஜமாகவே தடை இருந்தால் ஒரு ஆள் சண்டை போடுவார். இல்லை, அழுவார். ஓடிப்போகலாமா என்றாவது கேட்பார். தேதியை மட்டும் தள்ளிவைத்துக்கொண்டே இருக்கிறவருக்குத் தடை ஒன்றும் இல்லை. நாம் அப்படியே இருப்பது அவருக்கு வசதியாக இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு சாவு வேண்டியிருந்தது.

குமரேசனை இழந்ததற்கு நான் அழவில்லை. 'எந்தப் பிள்ளைன்னாலும் சரி' என்று சொன்ன ஒரு மனுஷியை ஏழு வருஷம் திட்டித் தீர்த்தேனே... திட்ட வேண்டிய ஆள் எதிரிலேயே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கும்போது!