மருமகனின் தொட்டிலுக்குப் பணம் கட்டிய கதை

தங்கை மகனுக்குப் பெயர் வைக்கும் நாளில் தொட்டில் தாய்மாமன் செலவு. எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஆண்டிமடத்தில் இருக்கும் அவள் புகுந்த வீட்டு முகவரிக்கே, பெரம்பலூரில் உட்கார்ந்தபடி ஃபோனில் ஆர்டர் போட்டேன். பொருளைப் பார்க்காமல் காசைக் கொடுக்காத பரம்பரை நாங்கள். விரல் தானாகப் போய் 'கேஷ் ஆன் டெலிவரி'யை அழுத்திவிட்டது.

சாயங்காலம்தான் உறைத்தது. சீரைக் கொண்டுவருபவன் சம்பந்தி வீட்டு வாசலில் நின்று அவர்களிடமே காசு கேட்பான். தங்கை அந்த வீட்டில் ஆயுசுக்கும் அந்தக் குத்தல் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

ஆர்டரைத் திறந்தேன். 'இப்போதே பணம் செலுத்தலாம்' என்று ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினேன். பணம் போய்ச் சேரவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. 'நிலுவையில் உள்ளது' என்றே நின்றது. பட்டனும் மறைந்துவிட்டது. இரண்டு முறை கட்டிவிடக் கூடாதென்று முடிவு தெரியும்வரை மூடி வைப்பார்களாம். எனக்கு அது அப்போது தெரியாது. ஃபோனை மூன்று முறை அணைத்துப் போட்டேன். ஃபோன் புத்துணர்ச்சி பெற்றது, அவ்வளவுதான்.

மறுநாள் மத்தியானம் 'தோல்வி' என்று வந்தது. பட்டன் மட்டும் வரவில்லை. வாடிக்கையாளர் சேவைக்கு ஃபோன் அடித்தேன்.

"சார், பார்சல் கிளம்பிடுச்சு. வாங்க வேண்டிய தொகையை லேபிள்ல அடிச்சு, கூரியர்காரங்களுக்கும் அனுப்பியாச்சு. எங்க கம்பெனியில அதுக்கப்புறம் ப்ரீபெய்டா மாத்த முடியாது" என்றாள் அந்தப் பெண். "வேணும்னா கேன்சல் பண்ணிட்டுப் புதுசா போடுங்க. இல்லன்னா டெலிவரி அப்ப க்யூஆர்ல கட்டலாம்."

புதிதாகப் போட்டால் விழா முடிந்துதான் வரும். பேர் வைக்கிறதுக்கு முந்தின நாள் காலை 'இன்று டெலிவரி' என்று காட்டியது. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, டெலிவரிக்காரரை வாசலிலேயே மடக்கலாமென்று பஸ் ஏறினேன். அரியலூரில் அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன். பெரிய வீரன் மாதிரி ஃபோனை வேறு கையிலேயே பிடித்திருந்தேன்.

போய்ச் சேர்ந்தபோது தொட்டில் கூடத்தில் இருந்தது. ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

தங்கையின் மாமியார் காபியோடு வந்தார். "முன்னாடியே பணத்தக் கட்டி அனுப்பிட்டீங்களாமே தம்பி. பொறுப்புன்னா இதுதான். எங்க வூட்டு ஆளுங்களுக்கு எங்க இதெல்லாம் தெரியுது?"

தங்கையைப் பார்த்தேன். அவள் பிள்ளையின் சட்டைப் பொத்தானை மும்முரமாகச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

மாமியார் உள்ளே போனதும் சொன்னாள்: "வெளிய ஓடிப் போயி என் ஃபோன்லயே ஸ்கேன் பண்ணிட்டேன்ணே. அத்த பாக்கல."

பிரசவமாகி ஒரு மாதம்கூட ஆகாதவள் தெருவரை ஓடியிருக்கிறாள். உடனே அவளுக்குப் பணத்தை அனுப்பினேன். இந்த முறை ஒரே நொடியில் போய்விட்டது. ஆனால் அவள் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.