வராத மோட்டாருக்குப் போட்ட நம்பர்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கையெழுத்து நன்றாக இருந்ததால், காந்திபுரத்தில் பாய் ஒருவர் வைத்திருந்த மோட்டார் கடையில் ஆர்டர் நோட்டு எழுதும் வேலை கிடைத்தது. தொண்ணூறுகளின் நடுவில், ஒரு வெயில் காலத்தில் நடந்தது இது.

ஆர்டர் வந்தால் நோட்டில் நம்பர் போட்டு எழுதுவேன். அப்புறம் குடோனுக்குப் போய், மோட்டார் இருக்கிற மரப்பெட்டி மேல் சாக்பீஸால் அதே நம்பரை எழுதுவேன். எழுதிவிட்டால் அந்தப் பெட்டி அவருடையது. அவர் வந்து எடுக்கிறவரை, இல்லை வேண்டாம் என்று அவரே சொல்கிறவரை, பாயின் சொந்தத் தம்பி கேட்டாலும் கிடையாது. காலையில் வந்ததும் மூன்று தடவை எண்ணிப் பார்ப்பேன். யாராவது துணியால் துடைத்துவிட்டிருந்தால் என்ன செய்வது என்று பயம்.

அந்த வருஷம் போர்க் குழாய்க்குள் இறக்குகிற ஏழரை ஹெச்பி சப்மெர்சிபிள் மோட்டார் குடோனில் ஒன்றுகூட இல்லை. ஆர்டர் ஆறு இருந்தது. சிங்காநல்லூர்ப் பக்கம் இருந்த கம்பெனிக்கு ஃபோன் போட்டேன். "ஆறும் ரெடிங்க, திங்கக்கிழமை டெம்போவுல வந்துரும்" என்றார்கள். எழுதாமல் விட்டால் மறந்துபோவேனோ என்று, பெட்டியே வராத மோட்டாருக்கு நோட்டில் ஆறு பேருக்கும் நேராக 'ஒதுக்கியாச்சு' என்று எழுதிப்போட்டேன்.

ஐந்தாவது ஆர்டர் அன்னூர்ப் பக்கத்து விவசாயி ஒருவருடையது. நாலு ஏக்கர் வாழை. பழைய மோட்டார் இழுத்து இழுத்து ஓடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை வந்து கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, நம்பிப் பழசக் கழட்டலாமுங்களா?"

நோட்டைப் பார்த்தேன். ஒதுக்கியாச்சு என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

"கழட்டலாங்க. திங்கக்கிழமை எடுத்துக்கலாம்."

அவர் ஞாயிற்றுக்கிழமையே ஆள் விட்டு மோட்டாரை மேலே தூக்கி, உள்ளே இருக்கிற செம்புக் காயிலுக்காகப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார்.

திங்கட்கிழமை டெம்போவில் நாலு பெட்டிதான் இறங்கியது. இறக்கும்போதே எண்ணினேன், இறக்கின பிறகும் எண்ணினேன். டிரைவர் கொடுத்த சீட்டில், 'மீதி இரண்டு, பின்னர்' என்று இருந்தது. எப்போது என்று இல்லை.

முதல் நாலு ஆர்டர் நம்பரை எழுதினேன். ஐந்தாவதுக்குப் பெட்டி இல்லை. மத்தியானம் அவர் வாடகை வண்டியோடு வந்து நின்றார்.

"என்னுங்க அம்மணி, நாலு நிக்குதே? அதுல ஒண்ணக் குடுங்க. என்னுது வர்றப்ப அவியளுக்குக் குடுத்துக்குங்க."

"நம்பர் போட்டாச்சுங்க."

"எனக்குந்தான போட்டீங்க?"

பாயிடம் ஓடினேன். அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். "ஏம்மா, மால் வந்தப்புறந்தான ஒதுக்கணும்? வராத மாலுக்கு 'வரணும்'னு எழுதுன்னு எத்தன தடவ சொன்னேன்?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலாம்.

நாலாவது பெட்டி மதுக்கரையில் வீடு கட்டுகிற மேஸ்திரி ஒருவருக்கு. அவருக்கு ஃபோன் போட்டுக் கெஞ்சினேன். நேரிலேயே வந்துவிட்டார்.

"எங்களுக்கு அடுத்த மாசந்தான் எறக்கறதுங்க. போர் இன்னும் போடவே இல்ல."

"அப்ப இவருக்கு விட்டுக்குடுத்தீங்கன்னா, உங்களுக்கு அடுத்ததுல மொத ஆளா..."

"அடுத்தது எப்ப வருமுங்க?"

டிரைவர் கொடுத்த சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

"பாத்தீங்களா. உங்களுக்கே தெரியல. என்னைய எத நம்பி விடச் சொல்றீங்க?"

அவர் சொன்னதில் தப்பில்லை. விவசாயி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். விவசாயி எழுந்து, "நானா இருந்தாலும் எடுத்துட்டுத்தான் போவேனுங்க" என்றார். அவருடைய வண்டி காலியாகத் திரும்பியது.

மற்ற கடைகளிலும் அந்த மோட்டார் இல்லை. தினமும் கம்பெனிக்கு ஃபோன் போட்டேன். காயில் கம்பி வரவில்லை என்றார்கள், அப்புறம் கரண்ட் இல்லை என்றார்கள். அவரும் தினமும் பக்கத்து ஊர் டெலிபோன் பூத்திலிருந்து கூப்பிட்டார். "வந்துச்சுங்களா?" "இன்னும் இல்லீங்க." "செரி, வெச்சர்றேன்." ஒருநாள்கூடச் சத்தம் போடவில்லை.

பதினோராம் நாள் மீதி இரண்டு பெட்டியும் வந்தன. அவர் வந்தார். அவர் பெட்டி மேல் நம்பர் எழுதினேன்.

"வாழைங்க...?"

"பக்கத்துத் தோட்டத்துக் கிணத்துக்காரங்ககிட்டத் தண்ணி கேட்டு ஓரமா இருந்ததக் காப்பாத்துனேன். நடுவுல இருந்ததெல்லாம் சாஞ்சுபோச்சுங்க."

பெட்டி வண்டியில் ஏறிய பிறகு திரும்பி வந்தார். கேபிள் நூறு மீட்டர் வேண்டும் என்றார். நோட்டைத் திறந்தேன்.

"நோட்டு வேண்டாமுங்க அம்மணி," என்றார். "குடோனுக்கு வாரேன். கேபிளக் கண்ணுல காட்டுங்க."

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.