வாய்க்கால் இருக்கிற தெரு

ஒரு நகருக்கே பெயர் வைக்கும் பொறுப்பு எனக்கு வந்த காரணம் எளிது. ஊரில் வேறு யாரும் சும்மா இல்லை.

பள்ளியில் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் இப்போது மனை வணிகம் செய்கிறான். தஞ்சாவூரில் குளிர்சாதன அலுவலகம், சுவரில் சாமி படம், அதைவிடப் பெரிதாக அவன் படம். திருவையாற்றுப் பக்கம் தரிசாகக் கிடந்த நஞ்சையை வாங்கி, வகை மாற்றி, நகர ஊரமைப்பு அனுமதியும் வாங்கியிருந்தான். வரைபடத்தில் சாலைகளுக்கு எண்கள் மட்டும் இருந்தன. விளம்பரத் தாளுக்குப் பெயர்கள் வேண்டும்.

"நீதான் பத்திரிகையில ஏதேதோ எழுதறியே மாப்ள. எவனும் படிக்கலன்னாலும் எழுதறியில்ல. வெனிஸ் கார்டன் சிட்டின்னு வெச்சிருக்கேன். உள்ள பிளாக்குக்கும் தெருவுக்கும் நீ போட்டுக் குடு" என்றான்.

"மொதல் பிளாக்குக்கு என்ன பேரு?"

"ரோம்."

"ரெண்டாவது?"

"மிலன்."

"மூணாவது?"

வெகுநேரம் யோசித்தான். "பீட்சா" என்றான். பீசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தைச் சொல்ல வந்திருப்பான் என்று சந்தேகத்தின் பலனை அவனுக்கு அளித்தேன்.

அவனுடைய பழைய மனைப்பிரிவு ஒன்று வல்லம் பக்கம் இருக்கிறது. அங்கே முதலில் பூப்பெயர்கள் வைத்தான். பூ தீர்ந்தபோது நடிகைகள் பக்கம் போனான். பிறகு மூலை மனை வாங்கியவர்களின் அப்பாக்கள் பெயர்களை வைத்தான். மறதியில் ரோஜாவை இரண்டு முறை வைத்தான். அங்கே சிலிண்டர் போடுகிறவர் இரண்டு ரோஜாத் தெருக்களுக்கும் நடுவில் வண்டியை நிறுத்திக்கொண்டு ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் போன் போட்டுக்கொண்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

எனவே அவனுக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். என் வீட்டில் யாரும் கேட்காததால் வெளியில் கிடைக்கிற வாய்ப்பை நான் விடுவதில்லை. நகரின் பெயர் குட்டி போட வேண்டும் என்றேன். அதிலிருந்தே பிளாக்குகளின் பெயர் வர வேண்டும், பிளாக்குகளிலிருந்து தெருக்களின் பெயர் வர வேண்டும். இரண்டாம் கட்டம் வந்தாலும் பெயர் தீரக் கூடாது. போனில் சொன்னால் ஒன்று இன்னொன்றாகக் காதில் விழக் கூடாது. உயிரோடிருக்கிற மனிதர் பெயரே கூடாது, ஏனென்றால் நாளைக்கு அவர் என்ன செய்வார் என்று யாருக்கும் தெரியாது.

"சரி, நீயே குட்டி போடு" என்றான்.

போட்டேன். ஐயாறு நகர். ஐந்து ஆறு. எந்த ஐந்து என்பதில் ஊரில் ஆளுக்கொரு கணக்கு இருப்பதால் எனக்கு வசதியாகப் போயிற்று. மூன்று பிளாக்குகளுக்கு மூன்று ஆறுகள், பின்னால் வரப்போகிற கட்டத்துக்கு இரண்டு இருப்பு. ஆற்றிலிருந்துதானே வாய்க்கால் பிரியும்? ஆகவே தெருக்களுக்கெல்லாம் சுற்று வட்டார வாய்க்கால்களின் பெயர். நுழைவு வளைவிலிருந்து உள்ளே போகப் போக அகர வரிசை: முதல் பிளாக்கில் அத்திமரத்து வாய்க்கால் தெரு, ஈச்சங்காட்டு வாய்க்கால் தெரு என்று தொடங்கி, கடைசி பிளாக்கில் புளியடி, மணலோடை என்று முடியும். தெருவின் முதல் எழுத்தைச் சொன்னாலே எவ்வளவு தூரம் உள்ளே போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.

என் மேதைமையில் நான் மயங்கியிருந்தபோது, அலுவலகத்தில் போன் எடுக்கிற பெண் மெதுவாகக் கேட்டது: "சார், வெண்ணாறு பிளாக்கும் வெட்டாறு பிளாக்கும் பக்கத்துப் பக்கத்துல வருதே சார். போன்ல நான் எதைன்னு எழுதிக்கிறது?"

நான் போட்ட விதியை நானே மீறியிருந்தேன். வெட்டாற்றை இருப்புக்கு அனுப்பிவிட்டு அரசலாற்றை வரவழைத்தேன். குடமுருட்டி, அரசலாறு, வெண்ணாறு. மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் ஐயாறு நகர் என்றே பதிவாயிற்று. பெயர்கள் போட்ட வரைபடத்தைப் பார்த்துச் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் ஊர் நினைப்பில் வாட்சப்பில் அழுதார். மனைகள் போக ஆரம்பித்தன. நான் பேனாவை மூடினேன்.

வம்பு அதற்குப் பிறகுதான் வந்தது. பெயர்ப்பலகை அடிக்கப் போகும் முன் என்னைக் கூப்பிட்டான்.

"எல்லாம் பிரமாதம் மாப்ள. ஒரே ஒரு திருத்தம். மணலோடையை மட்டும் எடுத்துடு. அதுக்கு கேனால் வியூகூட வேணாம், கிராண்ட் அவென்யூன்னு போட்டுடலாம்."

"ஏன்?"

"அங்க நிஜமாவே வாய்க்கா இருக்குடா."

அப்போதுதான் இடத்தையே போய்ப் பார்த்தேன். பெயர் வைக்கிறவன் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்கிற சாதாரண அறிவு எனக்கு அதுவரை தோன்றவில்லை. உள்ளே எட்டுத் தெருக்கள். ஏழில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. எல்லாம் வாய்க்கால் தெருக்கள். எட்டாவதன் ஓரத்தில் மணலோடை வாய்க்கால் கரையோடு ஓடிக்கொண்டிருந்தது. அது மட்டும் அவென்யூ ஆகப்போகிறது.

வாய்க்கால் கரையில் ஒரு அம்மாள் நின்று, தண்ணீரில் மிதந்த சிமெண்ட் சாக்கு ஒன்றை மண்வெட்டியால் இழுத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் சிலுவை, காலில் ஆண்பிள்ளைச் செருப்பு, இடுப்பில் செல்போன். மனைப்பிரிவுக்குக் கீழே கடைமடையில் அவருடைய வயல், கணவர் துபாயில்.

"யாரு, மனை பாக்க வந்தீங்களா?"

"இல்லிங்க. பேரு வெக்க வந்தேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஞானஸ்நானமா? எங்க சாமியார்கூட வெள்ள அங்கியிலதான் வருவாரு. நீங்க பேன்ட்டுல வந்திருக்கீங்க."

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"இங்க பாருங்க சார். இது கவர்மென்ட்டு வாய்க்கா, அவரு ஒண்ணும் மூட முடியாது, தெரியும். ஆனா வீடு கட்ட வர்றவங்க யாரு? வெளியூர்க்காரங்க. அவென்யூன்னு போர்டு இருந்தா, ஓரத்துல போறது என்னன்னு நெனப்பாங்க? சாக்கடைன்னு நெனப்பாங்க. செங்கல்லு, ஜல்லி, கக்கூஸ் பைப்பு எல்லாம் இதுலதான். அப்புறம் மேல பலகை போட்டு காரை நிறுத்துவாங்க. மூணு வருஷத்துல எனக்கு சம்பாவும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. நான் கலெக்டராபீசுக்கு நடக்கணும். எனக்கு மூட்டுவலி வேற."

"போர்டுல வாய்க்கால்னு இருந்தா?"

"திட்டறதுக்காவது ஒரு ஆதாரம் இருக்கும்ல?"

நான் எழுதியதை ஆதாரமாகக் கொண்டு யாராவது எதையாவது செய்ய முடியும் என்று ஒருவர் சொன்னது அதுவே முதல் தடவை. இத்தனை வருடக் கட்டுரைகளில் நான் எந்தக் குண்டுகுழியையும் மூடியதில்லை. இந்த ஒரு வாய்க்காலையாவது மூடவிடாமல் இருப்போமே என்று எனக்கு வீம்பு வந்தது.

அலுவலகத்துக்குத் திரும்பினேன்.

"முடியாது" என்றேன்.

"என்னது முடியாது? என் லேஅவுட்டு."

"தண்ணியே இல்லாத ஏழு தெருவுக்கு வாய்க்கால்னு பேரு. தண்ணி ஓடற தெருவுக்கு மட்டும் அவென்யூவா? பாக்கறவன் சிரிக்கமாட்டான்? ஒண்ணு எட்டும் வாய்க்கால். இல்ல எட்டும் அவென்யூ. எட்டும் அவென்யூன்னா ஐயாறும் போச்சு, பிளாக்கும் போச்சு. நீ திரும்ப பீட்சாவுக்குப் போகணும்."

"அந்தத் தெரு மனை போக மாட்டேங்குதுடா. கொசு வருமான்னு கேக்கறாங்க. வெள்ளம் வருமான்னு கேக்கறாங்க."

"வாய்க்கால் ஓடினா வெள்ளம் வடியும். மூடினாத்தான் வரும். அத சொல்லி வில்லு."

"நீ யார்றா எனக்கு வியாபாரம் சொல்லித்தர?"

"யாருமில்ல. ஆனா ஒண்ணு கேக்கறேன். சாலையெல்லாம் ஊராட்சிக்கு தானப் பத்திரம் எழுதிக் குடுத்தியா இல்லியா?"

அந்தப் பத்திரம் எழுதாமல் மனை விற்கவே விட மாட்டார்கள் என்பது அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் எழுதிக் கொடுத்த பிறகு அந்தச் சாலைகள் தன்னுடையவை அல்ல என்பது மட்டும் அவனுக்கு மறந்திருந்தது. மனை விற்கிறவர்கள் எல்லாருக்கும் இது மறக்கும். போர்டைத் தாங்களே அடித்து நட்டுவிட்டால் யாரும் கேட்பதில்லை என்பதால்.

"அப்ப பேரை ஊராட்சி தீர்மானம் போடட்டும்" என்றேன். "கிராம சபையில பாத்துக்கலாம்."

"துரோகி" என்றான். எட்டாம் வகுப்பில் கணக்குப் பரீட்சையில் பேப்பர் காட்டாதபோது சொன்ன அதே குரல். உண்மையில் அன்று அவனுக்கு நான் நல்லதுதான் செய்தேன். என் விடைகள் எல்லாம் தப்பு.

மே தினத்தன்று கிராம சபை. பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நாற்காலிகள். நூறு நாள் வேலை, குடிநீர்க் குழாய், தெருவிளக்கு எல்லாம் முடிந்து கடைசியில் எங்கள் விஷயம் வந்தது. தலைவர் எட்டுப் பெயர்களையும் வாசித்தார். என் நண்பன் எழுந்து, கடைசிப் பெயரை மட்டும் நவீனமாக மாற்றலாமே என்று பணிவாகக் கேட்டான்.

அந்த அம்மாள் எழுந்தார். "தலைவரே, எங்க வாய்க்காக்கு என்ன, அவங்க பேரு வெச்சாதான் மவுசா? அவென்யூ வேணும்னா அவரு வீட்டு வாசல்ல வெச்சிக்கட்டும். எங்க வயலுக்கு அவென்யூலேருந்து தண்ணி வராது."

கூட்டம் சிரித்தது. தலைவர் என்னைப் பார்த்து, "நீங்க எழுத்தாளர்தானே, நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். நான் அகர வரிசையைப் பற்றி, முதல் எழுத்தை வைத்துத் தெருவைக் கண்டுபிடிக்கும் வசதியைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். யாரோ பின்னாலிருந்து, "வெயில் ஏறுது சார்" என்றார்கள். எட்டும் எட்டாகவே தீர்மானம் ஆயிற்று. என் சொற்பொழிவு எந்த வகையிலும் உதவவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

பலகைகள் வந்தன. நீலத்தில் வெள்ளை எழுத்து: மேலே வெண்ணாறு பிளாக், கீழே மணலோடை வாய்க்கால் தெரு. முதல் வீடு கட்டியவர் ஒரு லோடு இடிசலைக் கரையில் சரித்தார். அந்த அம்மாள் மேஸ்திரியைப் பலகைக்குக் கீழே நிறுத்தி, "வாசிங்க" என்றாராம். வாசித்தாராம். "சத்தமா" என்றாராம். மறுநாளே இடிசல் போய்விட்டது. வேறு யாராவது கொட்டுவார்கள். அப்போதும் வாசிக்க வைப்பார். அவருக்குக் குரலில் மூட்டுவலி கிடையாது.

இடிசல் போன அன்று மாலை நண்பன் போன் செய்தான், பல மாதங்கள் கழித்து.

"வீட்டுக்காரர் எங்கிட்ட சத்தம் போடறாரு. ஒன் பேராலதாண்டா எனக்கு இவ்வளவு தலவலி."

"என் பேரு இல்லடா அது" என்றேன். "நான் வெக்கறதுக்கு முன்னாடியே அதுக்கு அந்தப் பேருதான். மாத்தணும்னா அடுத்த கிராம சபைக்கு வா. நானும் அந்த அம்மாவும் மொத வரிசையிலதான் ஒக்காந்திருப்போம்."