சம்பந்தி உயர்த்திய கோப்பை

அமெரிக்காவில், டப்ளினில் என் மகன் கார்த்தி வீட்டுக்குப் பக்கத்துக் கடையில், பிறந்தநாள் வாழ்த்து அட்டைகளுக்கு அடுத்த அடுக்கிலேயே துக்க அட்டைகளும் இருக்கும். துக்கம் விசாரிக்க வேண்டிய வார்த்தையை முன்கூட்டியே அச்சடித்து வைத்திருப்பார்கள். வாங்குகிறவர் கையெழுத்துப் போட்டால் போதும். என் மனைவி சரசு இறந்த பிறகு அப்படிப்பட்ட அட்டைகள் நிறைய வந்தன. ஒன்றும் என்னைத் தொடவில்லை. அட்டைகளைக் குறை சொல்ல முடியாது, எதுவுமே என்னைத் தொடாத காலம் அது. ஈரோட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு மகனோடு வந்துவிட்டேன். சாப்பிடு என்றால் சாப்பிட்டேன், நட என்றால் பூங்காவைச் சுற்றி நடந்தேன். கார்த்தி, மெய்லின் என்கிற சீனப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது, சரி என்றேன். சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை.

கல்யாணத்துக்கு முன்பு பெண் வீட்டார் பக்கத்து ஊரான ஃப்ரீமாண்டில் ஒரு சீன உணவகத்தில் விருந்து வைத்தார்கள். வட்ட மேசை, நடுவில் சுழலும் கண்ணாடித் தட்டு. வாசலைப் பார்த்த நாற்காலி முக்கிய விருந்தாளிக்கு என்று என்னை அதில் உட்கார வைத்தார்கள். முழு மீன் வந்ததும் அதன் தலையை என் பக்கம் திருப்பினார்கள். அதுவும் மரியாதைதானாம். இவ்வளவு செய்தவர்கள், சரசுவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் படம்கூட பார்த்திருக்கிறார்கள், ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அந்த மரத்துப்போன மனதிலும் அது மட்டும் முள்ளாகக் குத்தியது. அவள் இல்லாத குடும்பமாகத்தான் எங்களைப் பார்க்கிறார்கள் என்றால், கல்யாணத்தன்று ஓர் ஓரமாக நின்றுவிட்டு ஈரோட்டுக்கே போய்விடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன். அதற்குப் பிறகு இந்த வீட்டு விசேஷம் எதற்கும் வருவதாக இல்லை.

மெய்லினின் அப்பா சென் எழுந்தார். சிறு கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். முதலில் என்னைப் பார்த்துக் குனிந்தார், பிறகு தன் வீட்டுப் பெரியவர்கள், பிறகு மற்றவர்கள். சீன மொழியில் பேசினார். புரியாவிட்டாலும் காது பிடித்துக்கொண்டது: நான்கு அசை, நிறுத்தம், இன்னொரு நான்கு அசை. மெய்லின் என் காதோரம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள். 'உயர்ந்த விருந்தினரால் இருக்கைகள் நிறைந்தன. எங்கள் எளிய குடிசைக்கு ஒளி வந்தது.' விருந்தாளியை ஏற்றி ஒரு வரி, தன்னைத் தாழ்த்தி ஒரு வரி. 'முரட்டுத் தேநீர், எளிய சோறு. உபசரிப்பில் குறை, பொறுத்தருள வேண்டும்.' மேசையில் சிங்கி இறாலும் வாத்து வறுவலும் ஆவி பறக்கின்றன, மனிதர் எளிய சோறு என்கிறார்! இப்படி வாய் கூசாமல் பொய் சொல்ல எங்கள் பக்கத்து ஆட்களால்தான் முடியும் என்று நினைத்திருந்தேன். கடைசியில், 'மரியாதைக்காக நான் முதலில் குடிக்கிறேன்' என்று கோப்பையைக் காலி செய்து கவிழ்த்துக் காட்டினார்.

"அப்பா, இப்ப நீங்க ரிப்ளை பண்ணணும். ரெண்டு வரி போதும். ட்ரிங்க்ஸுக்கு பதிலா டீ ஓகேதான், தப்பா எடுத்துக்க மாட்டாங்க," என்றான் கார்த்தி.

எழுந்திருக்க மனமில்லை. மெய்லின் தயங்கினாள். பிறகு மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னாள். இந்த உரையில் சம்பந்தி அய்யாவையும் சம்பந்தி அம்மாவையும் ஜோடியாக அழைப்பதுதான் வழக்கமாம். அம்மாவை விட்டால் வரி நொண்டும். இறந்தவரையும் சேர்த்து அழைக்கலாம் என்றால், மங்கல விருந்தில் சாவைப் பேசக்கூடாது என்கிற கட்டுப்பாடு. ஒரு வாரமாக அவள் அப்பா காரில் போகும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்தாராம். கடைசியில் இரண்டையும் எடுத்துவிட்டு 'சிங்ஜியா' என்று ஒற்றைச் சொல்லாக வைத்தாராம். "ஆண், பெண் இருவருக்கும் அது ஒரே சொல், அங்கிள். இதில் நீங்க ரெண்டு பேரும் இருப்பீங்கன்னு அப்பா சொன்னார்."

நம் சம்பந்தி மாதிரி. ஆங்கிலத்தில் இதற்கு ஒரு சொல் கிடையாது.

எங்கள் மகள் கல்யாணத்தின்போது ஈரோட்டுப் பந்தியில் சரசு வரிசை வரிசையாகப் போய், "ஏதாச்சும் குறை இருந்தா மனசுல வெச்சுக்காதீங்க" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள், அவள் அடுத்த வரிசைக்கு நகர்ந்தாள். அந்தப் பதில்தான் இப்போது என் வாயில் வந்தது. தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"சம்பந்தி, ஒரு குறையும் இல்லைங்க."

கார்த்தி அதை ஆங்கிலத்துக்கும் மெய்லின் சீனத்துக்கும் மாற்றினார்கள். சென் இன்னொரு கோப்பையை நிரப்பிக்கொண்டு வந்து, அதன் விளிம்பை என் கோப்பைக்குக் கீழே இறக்கினார். அவர் தன்னைத் தாழ்த்துகிறார் என்று புரிந்தது. நான் இன்னும் இறக்கினேன். அவரும் விடவில்லை. கோப்பைகள் இரண்டும் மேசையில் போய் முட்டிய இடத்தில் நான் உடைந்து அழுதேன். சரசு போனதிலிருந்து அதுதான் முதல் அழுகை. சென் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

ஈரோட்டுக்குத் திரும்பினால் நான் தனி ஆள். இங்கே, எனக்குத் தெரியாத ஒரு பாஷையில், ஒரே சொல்லுக்குள் நானும் சரசுவும் இருந்தோம்.