மூக்குக் கண்ணாடிக்கு அடித்த ஸ்பிரே

எனக்குக் கோபம் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும். ஏற்காட்டுக் கண்ணாடிக் கடைப் பெண் என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வாங்கி ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்ததுமே அது தலைக்கு ஏறிவிட்டது. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எதிர் வெளிச்சம் கூசாமல் இருக்க கோட்டிங் போட்டது என்று சொல்லி இதே கடையில்தான் கொடுத்தார்கள்.

"எதைப் போட்டுங்கண்ணா தொடைக்கிறீங்க?"

"தண்ணிதான்."

பச்சைப் பொய். பக்கத்தில் இருந்த என் மனைவி திரும்பிப் பார்த்தாள்.

நான் நாகலூர்ப் பக்கம் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறேன். காலையில் ஜீப்பின் முன்கண்ணாடிக்கு ஸ்பிரே அடிக்கும்போதே மூக்குக் கண்ணாடிக்கும் ரெண்டு அடி அடித்து, சட்டை நுனியால் அழுத்தித் துடைத்து மாட்டிக்கொள்வேன். கையோடு கையாக ரெண்டு வேலை முடிந்தது என்று பெருமை வேறு.

"கோட்டிங் உரிஞ்சு கெடக்குதுங்க. அந்த ஸ்பிரேல அம்மோனியா இருந்தா இதத் தின்னுரும். இந்தக் கீறலெல்லாம் சட்டையில ஒட்டுன மண்ணு. இனிமே மொதல்ல பைப்புத் தண்ணியில தூசிய ஓட விடுங்க. பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணி ஒரு சொட்டு விட்டு வெரல்ல மெல்லத் தேச்சு அலசிட்டு, நான் குடுக்குற இந்தத் துணியில ஒத்தி எடுங்க. சுடுதண்ணி ஆகாதுங்க."

"பாலிஷ் போட்டா சரியாவாதா?"

"ஆவாதுங்கண்ணா. லென்சே மாத்தணும். அதுவரைக்கும் இருட்டுல ஓட்டாதீங்க. எதுக்க ஒரு லைட்டு வந்தாலும் கண்ணாடி பூராச் செதறும்."

அந்த வளைவுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. போன வாரம் பொழுது சாய்கிற நேரம், ஜீப் நிறையக் காப்பிப் பழம் பறிக்கிற பெண்கள். வளைவில் நான் ஜீப்பை எதிர்ப்பக்கமாக ஒடித்துவிட்டதில், எதிரே பைக்கில் வந்தவர் பள்ளத்தில் விழுந்து கை முறிந்தார். எங்கள் எஸ்டேட்டில் செடிக்கு மருந்தடிக்கிறவர், எங்களுக்கு மூன்றாவது வீடு. லைட் போடாமல் வந்தார் என்று, எஸ்டேட் கணக்கையும் ஆட்களையும் பார்க்கிற ரைட்டரிடம் சொன்னேன். என் வார்த்தையை நம்பி ரைட்டர் அவரை வேலையை விட்டே நிறுத்திவிட்டார்.

கடையை விட்டு இறங்கியதும் மனைவி நின்றாள்.

"ஏனுங்க, அந்தண்ணன் வண்டியில லைட்டு எரிஞ்சுதுங்களா?"

"நடுரோட்டுல வெச்சு என்ன கேள்வி இது? பஸ்ஸு கெளம்புது, நட."

அவள் அசையவில்லை. பஸ் போய்விட்டது. அவள் முகத்தைப் பார்க்க எனக்கு அவமானமாக இருந்தது.

"எரிஞ்சுது" என்றேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை.

"அப்ப மொதல்ல ரைட்டர் ஊட்டுக்குப் போலாங்க."

ரைட்டர் வாசலில் நின்றே எல்லாவற்றையும் கேட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். ஜீப் சாவிக்காகக் கையை மட்டும் நீட்டினார்.