வெள்ளைச் சேமியா

சேமியா என்றால் பழுப்பு நிறம். பதினெட்டு வயது வரை நான் அப்படித்தான் நம்பியிருந்தேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். தாராவியில் எங்கள் ஒற்றை அறையில், அடுப்புக்கு மேலே பலகையில் ஒரு வனஸ்பதி டின் இருக்கும். அதைத் திறந்தால் தேன் நிறத்தில், விரல் நீளத்துக்கு ஒடித்த சேமியா. உப்புமாவோ பாயசமோ, அள்ளிக் கொதியில் போட்டால் வெந்துவிடும். ஒன்றோடு ஒன்று ஒட்டாது. கடையிலிருந்தே அப்படித்தான் வருகிறது என்று நினைத்திருந்தேன்.

அந்த டின்னை நிரப்புகிறவள் மதினி. என் அண்ணனின் மனைவி. அண்ணன் மஞ்சள் காமாலையில் மவுத்தான பிறகும் எங்களோடேயே இருந்தாள். பிள்ளை கிடையாது. ஊரில் அவளுக்கென்று யாரும் இல்லை. நான் தையல் வகுப்புக்கோ தண்ணீர் வரிசைக்கோ போயிருக்கும் நேரத்தில் அவள் என்னென்ன செய்தாள் என்று நான் விசாரித்ததில்லை. சோறு இருக்கும், துணி காய்ந்திருக்கும், டின் நிறைந்திருக்கும்.

அந்த வருஷம் நோன்புப் பெருநாள் கழிந்ததும் எனக்கு ஒரு வரன் வந்தது. செம்பூரில் டீக்கடை வைத்திருந்தவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்தான். முதல் மனைவி இறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது, வயது முப்பதைத் தாண்டியிருந்தது. எனக்கு அதெல்லாம் பொருட்டில்லை. அவர் அறைக்குள்ளேயே தண்ணீர்க் குழாய் இருக்கிறது என்று வாப்பா சொன்னார். விடியக் கருக்கலில் குடத்தோடு வரிசையில் நின்று சண்டை போட்டுப் பழகியவளுக்கு வேறென்ன வேண்டும். இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று நான் வெட்கமில்லாமல் ஆசைப்பட்டேன்.

பெண் பார்க்க அவரும் அவருடைய உம்மாவும் வந்தார்கள். மதினியை என் உம்மா முன்கூட்டியே பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். "பொண்ணு பாக்க வாற எடத்துல நீ எதுக்குட்டி முன்னால நிக்கணும்" என்றாள். மதினி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மாப்பிள்ளை வாப்பாவோடு வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அவருடைய உம்மா உள்ளே வந்து பாயில் உட்கார்ந்து, துணிப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"எங்க வழக்கம் இது. சாமான் நாங்க கொண்டாருவோம். பொண்ணு கையால ஒரு வாய் பாயசம். கூட யாரும் ஒத்தாசை பண்ணப்படாது."

உம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "அதுக்கென்ன, எம்மவ கண்ணக் கட்டிவிட்டாலும் செய்வா" என்றாள். நானும் நிமிர்ந்துதான் திரைக்குப் பின்னால் அடுப்படிக்குப் போனேன்.

பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே நீள நீளமாக, வெள்ளை வெளேர் என்று சேமியா. இது வேறு ரகம் போலிருக்கிறது, செம்பூரில் இப்படித்தான் விற்பார்கள் என்று நினைத்தேன். ஸ்டவ்வைப் பற்றவைத்து, தண்ணீர் கலந்த பாலைக் கொதிக்கவிட்டு, ஒடித்து உள்ளே போட்டேன். நன்றாகத்தான் ஆரம்பித்தது. பிறகு பால் கெட்டியாக ஆரம்பித்தது. கிண்டினேன். இழையெல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. இன்னும் வேகமாகக் கிண்டினேன், உடைந்து கூழானது. பயத்தில் சர்க்கரையைக் கொட்டினேன். அடி பிடித்த வாடை திரையைத் தாண்டிப் போயிருக்க வேண்டும், ஏனென்றால் அந்த அம்மா எழுந்து உள்ளே வந்துவிட்டார், பின்னாலேயே உம்மாவும்.

கரண்டியை வாங்கி ஒரு தூக்குத் தூக்கினார். சட்டியிலிருந்த மொத்தமும் ஒரே கட்டியாகக் கரண்டியோடு வந்தது. பசை காய்ச்சி போஸ்டர் ஒட்டுகிறவன் கூட இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டிருப்பான். உம்மாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"வறுக்கலியாம்மா?" என்றார் அந்த அம்மா. கோபமே இல்லை, அதுதான் இன்னும் மோசம்.

"சேமியாவ வறுக்கணுமா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. வீம்புக்காரி நான், விட்டேனா? பலகையிலிருந்து டின்னை இறக்கி, மூடியைத் திறந்து நீட்டினேன். "எங்க வீட்ல எப்பவும் இதுதான். நீங்கதான் வெள்ளையா கொண்டாந்துட்டீங்க."

அந்த அம்மா ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பி வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு இழைகூடக் கருகவில்லை, ஒரு இழைகூட வெளுத்துக் கிடக்கவில்லை. மோந்து பார்த்தார்.

"இத வறுத்தது யாரு?"

உம்மா எதையோ சொல்லி மழுப்புவதற்குள் நான் சொல்லிவிட்டேன். "எங்க மதினி."

"கூப்புடுங்க."

மதினி வந்தாள். நடந்தது என்னவென்று சட்டியைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். பொட்டலத்தில் மிச்சமிருந்த சேமியாவை ஒடித்தாள். இரும்புச் சட்டியில் ஒரு கரண்டி நெய், தீயைத் தணித்து, கை ஓயாமல் புரட்டினாள். வெள்ளை மெல்ல மஞ்சளாகி, பொன்னிறமாகி, வறுத்த கடலை போல ஒரு வாசம் வந்தது. வந்த கணமே தட்டில் கொட்டிவிட்டாள். "சட்டியிலயே கெடந்தா சூட்டுல கருத்துரும்" என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். புதிதாகப் பால் கொதித்தது. சேமியா வெந்து மெதுவான பிறகே சர்க்கரையைப் போட்டாள். அதுவரைக்கும் நான் ஒருநாள்கூட அவள் சமைத்ததை நின்று பார்த்ததில்லை.

பாயசம் வாசலுக்கும் போனது. இழை இழையாகப் பாலில் மிதந்தது. மாப்பிள்ளை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக் குடித்தார்.

அந்த அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வாப்பாவை உள்ளே கூப்பிட்டார்.

"தப்பா நெனைக்காதிங்க. உங்க மவ சின்னப் புள்ள, அவளுக்கேத்த எடம் வரும். எம்மவன் ஒருத்திய அடக்கம் பண்ணிட்டு வந்தவன். எனக்கு இந்தப் புள்ளையக் குடுங்க."

அவர் கை காட்டியது மதினியை.

என்னைப் பார்க்க வந்துவிட்டு, என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, என்ன நெஞ்சழுத்தம். வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் உம்மா முந்திக்கொண்டாள். "அவளா? அவ எங்கயும் வரமாட்டா. அவ இங்கதான் இருப்பா" என்றாள்.

வாப்பா உம்மாவைப் பார்த்துக் கையமர்த்தினார். பிறகு, அண்ணன் போன பிறகு முதல் முறையாக, மதினியிடம் நேராகப் பேசினார். "நீ என்னம்மா சொல்லுத?"

மதினி சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள்.

"எனக்குச் சம்மதம் மாமா."

குரல் நடுங்கவே இல்லை. அதுதான் என்னை அடித்தது. யாரோ கேட்பார்கள் என்று நாள்கணக்காக அந்தப் பதிலை வாயிலேயே வைத்திருந்தவள் போலச் சொன்னாள். இவளுக்கு வேண்டியது என்று ஒன்று இருக்கும் என்பதே எங்கள் யாருக்கும் தோன்றியதில்லை. என் வாயில் வந்த சண்டை அப்படியே நின்றுவிட்டது.

உம்மா பாயில் தொப்பென்று உட்கார்ந்தாள். அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, திகைத்துப்போயிருந்தாள்.

"நீ போயிட்டா," என்றாள் மதினியைப் பார்த்து, "இந்த வீட்டுல எல்லாத்தையும் யாருட்டி பாப்பா?"

மதினி என்னைப் பார்த்தாள். கண்ணில் கோபமோ கேலியோ எதுவும் இல்லை.

"இருக்கால்லா மாமி," என்றாள், "ஒங்க மவ."